ஓர் அடி குறைவான தாளம்

பத்மாசனி அக்கா கோபப்பட்டு நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் முழுவதும் எனக்குத்தான் கிடைத்தது.

தர்மபுரத்தில் பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் இருக்கிற முன்பள்ளியில் நான் டீச்சர். கனகராயன்குளத்தில் பிறந்து, கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். பெயர் தாட்சாயினி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரர் சொல்லுவார். அவருக்குக் காது கொஞ்சம் கட்டை, ஆகவே குடும்பம் ஓடுகிறது.

அந்த வருடம் என் வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள். அதில் ஒருத்தி யதுர்ஷிகா, பத்மாசனி அக்காவின் ஐந்து வயது மகள். அவள் சேர்ந்த முதல் கிழமையிலேயே ஒரு சாப்பாட்டுப் பெட்டி மூடி, ஒரு ஸ்லேட், என் பொறுமை மூன்றையும் உடைத்தாள். கெட்ட பிள்ளை இல்லை. கையும் காலும் சும்மா இராது, அவ்வளவுதான். மேசையில் தட்டுவாள், கதிரையின் முதுகில் தட்டுவாள், முன்னால் இருக்கிறவனின் முதுகிலும் தட்டுவாள். மழை தகரத்தில் விழுந்தால் எழும்பி நின்று அதற்கு ஏற்றபடி கால் மாற்றுவாள்.

சின்னப் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான். அவர்களை "சும்மா இரு" என்று அதட்டினால் நாள் முழுக்க அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவதற்கு ஒன்றைக் கையில் கொடுத்தால் காரியம் முடிந்தது. ஆகவே நான் வகுப்பில் தாள விளையாட்டுகளைக் கூட்டினேன். பிளாஸ்டிக் போத்தலுக்குள் பயறு போட்டு மூடியை ஒட்டி, குலுக்கிகள் செய்தோம். பாட்டைப் போட்டு ஆடவிட்டு, பாட்டை நிற்பாட்டினால் எல்லாரும் சிலை மாதிரி நிற்க வேண்டும், அசைந்தவர் வெளியே. இருபது பிள்ளைகளும் அசைவார்கள். யதுர்ஷிகா அசையமாட்டாள். பாட்டு எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று அவளுக்கு முதலே தெரிந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு விளையாட்டு உண்டு. நான் ஒரு தாளத்தைக் கைதட்டுவேன், பிள்ளைகள் அதைத் திருப்பித் தட்ட வேண்டும். ஒரு நாள், "இப்ப நீங்கள் தட்டுங்கோ, டீச்சர் திருப்பித் தட்டுறன்" என்றேன். யதுர்ஷிகா மேசையில் தட்டினாள். உள்ளங்கையால் ஆறுதலாக இரண்டு, விரல்களால் விரைவாக மூன்று. தொம், தொம், தகிட. பிறகு கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

கேட்ட எவருக்கும் தெரியும், அந்தத் தாளம் முடியவில்லை. கடைசியில் ஒரு அடி விழ வேண்டும். அது விழாமல் நெஞ்சுக்குள் ஏதோ தொங்கிக்கொண்டு நின்றது.

"முடியேல்லையே பிள்ளை. கடைசி அடி எங்கை?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. யாரோ வருவதற்குக் காத்திருக்கிறவள் போல வாசலைப் பார்த்தாள். "அது நான் அடிக்கிறேல்லை டீச்சர்" என்றாள்.

பகல் பத்து மணி. பிள்ளைகளின் இரைச்சல் வேறு. அப்படியிருந்தும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது என்று சொன்னால் நம்புங்கள். பிறகு கவனித்தேன். எத்தனையோ தாளங்களை அவள் தட்டுவாள், எல்லாவற்றையும் முழுதாக முடிப்பாள். அந்த ஒன்றை மட்டும் ஒரு அடி குறைவாக விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

இரண்டாம் தவணை முடிவில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். மற்றவர்களுக்குக் கலர் பென்சில். இவளுக்கு மட்டும் என் சொந்தச் செலவில் ஒரு சின்ன ட்ரம் வாங்கினேன். அங்கேதான் நான் பிழை விட்டேன். தாய் தகப்பனை ஒரு சொல் கேட்கவில்லை. வன்னியில் ஒரு வீட்டுக்குள் சத்தம் கொண்டுபோவதென்றால் முதலில் கேட்க வேண்டும். பட்டாசுக்குப் பயப்படுகிற வீடு உண்டு, கதவு அடிபட்டால் கட்டிலுக்குக் கீழே போகிற ஆள் உள்ள வீடு உண்டு. இது எனக்குத் தெரியாததல்ல. என் பங்குக்கு எனக்கும் ஒரு பதுங்குகுழி இருந்தது. அப்படியும் மறந்துபோனேன். பரிசு கொடுக்கிற சந்தோசம் ஆளைக் கொஞ்சம் மடைச்சியாக்கிவிடும்.

அடுத்த நாள் காலை பத்மாசனி அக்கா ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். மெலிந்த மனுசி, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும். வயல் வேலையில் கறுத்த கை. வாய் திறந்து நாலு வார்த்தைக்கு மேல் கதைத்து நான் கேட்டதில்லை.

"ஆரைக் கேட்டு இதைக் குடுத்தனீங்கள்?"

"பிள்ளைக்கு நல்ல தாளம் இருக்கு அக்கா. அதாலதான்..."

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. அவளுக்குத் தாளமும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். இனி அவளின்ர கையிலை இப்பிடி ஒண்டைக் குடுத்தா நான் பள்ளிக்கு விடமாட்டன்."

குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன். அவர் போகும்போது பார்த்தேன், வலது காலில் துணி சுற்றியிருந்தது. அதையும் நான் கேட்கவில்லை. எனக்கும் ரோசம் வந்துவிட்டது. சரிதான் போங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ட்ரம்மைக் கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன். வாங்கிய இடம் நளீர் நானாவின் கடை. விளையாட்டுச் சாமான், பிறந்தநாள் சாமான், பள்ளிக்கூடச் சாமான் எல்லாம் இருக்கும். நானா முல்லைத்தீவு ஆள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போய், இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். பிள்ளையின் வயதைக் கேட்காமல் ஒரு சாமானும் விற்கமாட்டார். நாலு வயதுப் பிள்ளைக்கு பற்றரி ட்ரம் கேட்டால், "அது பொத்தானை அமத்திப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிற சாமான். அடிக்கிற பிள்ளைக்கு அடிக்கிற சாமானைக் குடுங்க" என்பார். ட்ரம் வயிற்று உயரத்துக்கு நிற்க வேண்டும், அப்போதுதான் மணிக்கட்டு மடங்கும், தோள் நோகாது என்பார். தடியின் முனை உருண்டையாக இருக்கிறதா, விளிம்புத் தகரம் வெட்டுமா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் தருவார்.

"ஏன் டீச்சர், உடைஞ்சு போச்சா?"

"இல்லை நானா. தாய் வேண்டாமெண்டுட்டா. தர்மபுரம் பத்மாசனி எண்டு."

நானாவின் முகம் மலர்ந்தது. "பத்மாசனியா? அந்தத் தங்கச்சி நம்மட பழைய ஆள். பதினொண்டாம் ஆண்டு கடை திறந்ததில இருந்து மாசி கழிஞ்சு பங்குனி பிறந்தாப் போதும், வந்திருவா. மகனுக்குப் பிறந்தநாள் சாமான் எடுக்க. அந்தப் பெடியனுக்குத் தாளம் எண்டா உயிர். அப்ப ஆறு வயசு, கஞ்சிரா மாதிரிச் சலங்கை கட்டின வளையம் குடுத்தன். பிறகு மரக்கட்டைத் தடியால தட்டுற சைலபோன். எட்டு வயசில சலங்கை கேட்டா. முதல்ல அஞ்சு மணி போட்டதைக் கட்டட்டும், பாரம் கூடினாக் கால் நோகும் எண்டு சொல்லித்தான் குடுத்தன்."

"மகனுக்கோ?" என்றேன்.

"ஓம் டீச்சர். போன வருசத்துக்கு முந்தின வருசம் ரீவியில பூட்டி ஆடுற பாய் ஒண்டு எடுத்தா. காட்டுற அம்புக்குறிக்கு ஏத்தமாதிரி கால் வைக்கோணும், வெறுங்காலோட ஆடோணும், சீமெந்து நிலத்தில வழுக்கும் எண்டு எல்லாம் சொல்லிக் குடுத்தன். பாட்டுப் பெட்டியும் அதிலயே இருக்கு. ஆடாத நாளில பற்றரியைக் கழட்டி வைக்கச் சொன்னன், இல்லாட்டி ஒழுகிப் பழுதாப் போகும். அதுக்கு அவ, நான் வருசா வருசம் எல்லாத்துக்கும் புதுப் பற்றரி போடுறனான் நானா எண்டா. எப்பிடிப்பட்ட தாய், பாருங்க. இப்ப பெடியனுக்குப் பத்தொன்பது. ஆளை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கவன் எண்டா, சிரிச்சுப்போட்டுப் போயிருவா."

பத்மாசனி அக்கா வீட்டில் பத்தொன்பது வயதுப் பெடியன் எவனும் இல்லை. அவர், புருசன் செல்வநாயகம், யதுர்ஷிகா. மூன்றே பேர். மூத்தது ஒன்று கடைசிச் சண்டையில் காணாமல் போனது என்று ஊரில் யாரோ எப்போதோ சொன்னார்கள். எந்த வீட்டில்தான் ஒருவர் இல்லாமல் போகவில்லை? நாங்கள் அதைக் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் திருப்பி எங்களைக் கேட்பார்கள்.

நானாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ட்ரம்மையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பஸ் குலுங்கும்போது என் விரல் பட்டு அது சின்னதாக முனகிக்கொண்டே வந்தது.

பரிசைத் திருப்பித் தந்த கோபம் போய்விட்டது. கேட்காமல் இருந்த வெட்கம்தான் மிச்சம். ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன், ட்ரம்மைப் பையில் மறைத்துக்கொண்டு. செல்வநாயகம் அண்ணை வயலில். கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் யதுர்ஷிகா படுத்திருந்தாள், பக்கத்தில் தாய். என்னைக் கண்டதும் அக்கா விரலை வாயில் வைத்து, "இப்பதான் கண்ணயருறாள். இருங்கோ" என்றார். கோபம் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

நான் சுவரோடு இருந்தேன். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பெரிய பச்சை அலுமாரி. அந்தச் சின்ன வீட்டுக்கு அது மிகப் பெரிது.

"அண்டைக்குக் கூடக் கதைச்சுப்போட்டன் டீச்சர். மனசிலை வைச்சிருக்காதேங்கோ" என்றார், பிள்ளையைத் தட்டிக்கொண்டே. "பின்னேரம் குசினியிலை நிண்டனான். அவள் வீட்டு முற்றத்திலை ட்ரம்மை அடிச்சாள். எனக்கு அவளெண்டு தெரியேல்லை. மூத்தவன் வாறானெண்டு நினைச்சிட்டன். செருப்பும் போடாமல் ஓடினன். பஸ் ஹோல்ட் வரைக்கும் ஓடினன். கண்ணாடி ஓடு காலிலை ஏறினது கூடத் தெரியேல்லை."

பிறகு அவர் தானாகவே சொன்னார். அவர் கதைத்ததை நான் கேட்ட மிக நீண்ட கதை அதுதான்.

மகனுடைய பெயர் செந்தூரன். இரண்டாயிரத்து ஐந்து பங்குனியில் பிறந்தவன். நடக்கும் முதலே தாளம் போட்டவன். பதுங்குகுழி இருட்டில் பிள்ளை பயப்படாமல் இருக்க அவருக்கு ஒரு விளையாட்டு. வெறும் பால்மாத் தகரப் பேணி ஒன்றில் அவர் ஐந்து அடி அடிப்பார், ஆறாவது அடியை அவன் அடிக்க வேண்டும். செல் கிட்ட விழுந்து காது அடைத்து, மண் கொட்டி, ஒருவரை ஒருவர் தெரியாத நேரத்திலும் அவர் ஐந்து அடிப்பார். ஆறாவது அடி வந்தால் பிள்ளை இருக்கிறான் என்று அர்த்தம். "எங்கை துலைஞ்சாலும் இதைத் தட்டு, அம்மா வருவன்" என்று சொல்லிவைத்திருந்தார்.

"சண்டை முடியிற நாளிலை ஆமிப் பக்கம் போறம், வட்டுவாகல் பாலத்தடியிலை சனமெண்டாச் சனம். கையிலை ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ, கையைத் தெரியக் காட்டிக்கொண்டு நடவுங்கோ எண்டு முன்னாலை போனவையள் சொன்னவை. இவனுக்கு அப்ப நாலு வயசு, பேணியைத் தட்டிக்கொண்டு வாறான். எனக்குப் பயம். பறிச்சுத் தண்ணிக்குள்ளை எறிஞ்சன். அவன் அழுதான். ஐம்பது அடி நடந்திருப்பம், சனம் நெரிச்சுது, கை விட்டுப்போச்சு. பேணி இருந்திருந்தாத் தட்டியிருப்பான், டீச்சர். தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். நான்தான் எறிஞ்சன்."

வாய் நீளமானவளுக்கும் அந்த இடத்தில் வாய் இல்லை.

அப்போதுதான் அலுமாரிக்குள் பாட்டுக் கேட்டது.

மெல்லிய, பற்றரிப் பாட்டு. மூன்று நான்கு வினாடி. வெளியே உழவு இயந்திரம் ஒன்று வீதியை அதிரவைத்துக்கொண்டு போனது, அதோடு பாட்டும் நின்றது. நான் அலுமாரியைப் பார்த்தேன்.

"அந்த ஆடுற பாய்" என்றார் அக்கா. "மேலை சாமான் அடுக்கியிருக்கு. வீடு அதிர்ந்தா அமத்துப்பட்டுப் பாடும். எனக்குத் தெரியும். ஆனா இவளுக்கு ஆர் சொன்னது? அண்ணா அலுமாரிக்குள்ளை ஆடுறார் எண்டுறாள். நான் அவனைப்பற்றி இவளிட்டை ஒரு நாளும் கதைச்சதில்லை. சொந்தக்காரர் ஆரும் சொல்லியிருப்பினம், அதை விடுவம். அந்தத் தாளம்? அதை ஆர் சொல்லிக்குடுத்தது? எனக்கும் அவனுக்கும் மட்டும்தானே தெரியும். இவளின்ர அப்பா கூட அப்ப எங்களோடை இல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவன்தான் வந்து சொல்லிக்குடுக்கிறான். உயிரோடை இருக்கிறவன் எப்பிடி வந்து சொல்லிக்குடுப்பான்? அப்ப அவன் இல்லையெண்டுதானே? பதினைஞ்சு வருசமா ஒரு அரசாங்கக் கந்தோர் மிச்சமில்லாமல் போய், என்ர பிள்ளை இருக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். இவள் ஒருக்காத் தட்டினா எல்லாம் முடிஞ்சுபோகுது. அதுதான் இவள் தட்டக்கூடாது."

இதைச் சொல்லும்போதும் அவருடைய கை பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். வந்ததிலிருந்து என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது, பார்க்கவில்லை. உள்ளங்கையால் ஆறுதலாக இரண்டு. விரல்களால் விரைவாக மூன்று. பிறகு கை மேலே எழுந்து, கண் வாசலுக்குப் போக, ஒரு அடி விழுகிற நேரத்துக்குச் சும்மா நின்றது. திரும்பவும் இரண்டு, மூன்று. திரும்பவும் கை காத்து நின்றது.

"அக்கா" என்றேன். "உங்கட கையைப் பாருங்கோ."

"என்ன கை?"

"தட்டுங்கோ. நிற்பாட்டாதேங்கோ. எப்பிடித் தட்டுறீங்கள் எண்டு பாருங்கோ."

அவர் பார்த்தார். தன் கையை வேறு யாரோ ஒருவருடைய கை போலப் பார்த்தார். அது இரண்டு தட்டியது, மூன்று தட்டியது, காத்து நின்றது.

"பிறந்த நாளிலை இருந்து இப்பிடித்தானே இவளை நித்திரையாக்கிறனீங்கள்?"

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தட்டு நின்றதும் பிள்ளை புரண்டாள். கண் திறக்காமலேயே தாயின் தொடையில் சின்னக் கையால் ஐந்து அடி தட்டிவிட்டு, ஆறாவதை விட்டுவிட்டு, நித்திரையானாள்.

பத்மாசனி அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. "அப்ப அவன் சொல்லிக்குடுக்கேல்லை" என்றார். "நான்தான். நான்தான் சொல்லிக்குடுத்திருக்கிறன். அப்ப அவன் இருக்கிறான், என்ன டீச்சர்? எங்கையோ இருக்கிறான்."

நான் தலையை ஆட்டினேன். ஆமென்றா இல்லையென்றா ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பயத்தைத் தீர்க்கப் போய், பதினைந்து வருடக் காத்திருப்புக்குப் புதுப் பற்றரி போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நல்லது செய்தேனா, பாவம் செய்தேனா என்று இன்றைக்கும் சில நாள் நினைப்பேன்.

அன்று அவர் அலுமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில், சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது பருப்பைக் கொடுத்து மாற்றிய ஒரு கிலுகிலுப்பை. அவனுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு அது பொருந்தாது, ஆனால் அங்கே அதுதான் கிடைத்ததாம். அதற்கு மேலே வருடங்கள். பெட்டி பிரிக்காத சைலபோன், வளையம், சலங்கை, ஆடுகிற பாய். எந்த ஒன்றையும் தொட என்னை விடவில்லை. "இது அவன்ரை" என்றார். பிறகு என் பையைப் பார்த்தார். "அந்த ட்ரம் இருக்கோ? அது இவளின்ரை. தாங்கோ."

கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். "கலைவிழாவிலை அடிக்கட்டும். ஆனா அந்தத் தாளத்துக்குக் கடைசி அடியை நீங்கள் சொல்லிக்குடுக்கப்படாது. அது அவன்ரை."

கார்த்திகையில் எங்கள் கலைவிழா. பின்னேரம் மூன்று மணிக்குத் தறப்பாள் பந்தல், பிளாஸ்டிக் கதிரைகள், மேடையில் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியம். ஏழு பேருக்குக் குலுக்கி, நாலு பேருக்குக் கையால் மோதுகிற சல்லாரி, நடுவில் யதுர்ஷிகா ட்ரம்மோடு. வாரைத் தோளில் போட்டு வயிற்றுக்கு நேரே கட்டிவிட்டேன்.

தொடங்க முதல் பத்மாசனி அக்கா ஒலிபெருக்கிக்காரரிடம் போனார். ஊதுகுழாய் இரண்டும் சனத்தைப் பார்த்தபடி இருந்தன.

"தம்பி, ஒண்டை றோட்டுப் பக்கம் திருப்பிவிடுவீங்களோ?"

"சனம் இங்காலை எல்லோ இருக்கு அக்கா?"

"போற வாற ஆக்களுக்கும் கேக்கட்டும்" என்றார்.

அவன் திருப்பிவிட்டான். அவர் தன்னுடைய கதிரையையும் வாசலடிக்கு இழுத்து, வீதியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மேடைக்கு முதுகு. எல்லாத் தாயும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் ட்ரம்காரியின் தாய் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். இருக்கிற பிள்ளையை ஒருக்காத் திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்?

பாட்டுகள் முடிந்தன. பிறகு யதுர்ஷிகா தனியே அடிக்கிற இடம். தொம், தொம், தகிட. ஒலிபெருக்கியில் அது எங்கள் பந்தலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, அந்தப் பக்கத்து வயல் வரைக்கும் போனது. அவள் தடியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குலுக்கியும் சல்லாரியும் நின்றன. சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் கதையை நிற்பாட்டிக் கேட்டது. ஆறாவது அடி விழாமல் பந்தல் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் வேகம் குறைந்தது. இருபது வயது மதிக்கக்கூடிய பெடியன். ஒரு காலை ஊன்றி நின்று எங்கள் பக்கம் பார்த்தான். பத்மாசனி அக்கா எழும்பினார். கையிரண்டும் வாசல் தடியைப் பிடித்திருந்தன. அவன் பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, யாருடனோ இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை முறுக்கிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமாகப் போய்விட்டான்.

"இன்னொருக்கா அடிக்கச் சொல்லுங்கோ டீச்சர்" என்றார் அக்கா, திரும்பாமலே.

யதுர்ஷிகா இன்னொருக்கா அடித்தாள். ஐந்து அடி. தடி மேலே. காத்திருந்தாள். ஒரு பஸ் போனது. ஒரு மாடு போனது.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறையும் அடித்தாள். என்னால் மேடையையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்க முடியவில்லை, பிள்ளையையே பார்த்தேன். தடி பிடித்த கை களைத்துத் தாழத் தொடங்கியிருந்தது. சொண்டு கோணியது. அடிக்க விருப்பம், அடித்தால் அம்மா என்ன செய்வாரோ என்ற பயம். ஐந்து வயதில் அவள் தாயைப் போலவே காத்திருக்கப் பழகிவிட்டாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து இந்தப் பிள்ளைக்குக் கொடுத்த பரிசு இதுதான் என்று நினைத்தேன், அழுகை வந்தது.

"அம்மா" என்றாள் யதுர்ஷிகா. மைக் முன்னால் இருந்தபடியால் அது ஊதுகுழாயில் வந்தது. வீதி முழுக்கக் கேட்டது. "அம்மா, கை நோகுது. அண்ணா வரேல்லை. நான் அடிக்கட்டோ?"

பத்மாசனி அக்கா திரும்பினார். மேடையில் தடியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற பிள்ளையை அப்போதுதான் பார்த்தார். வாசல் தடியில் இருந்து ஒரு கையை எடுத்தார், பிறகு மற்றக் கையை எடுத்தார்.

"அடி பிள்ளை" என்றார். அது மேடைக்கு எட்டவில்லை. திரும்பவும் உரத்துச் சொன்னார். "அடி. அம்மா கேக்கிறன்."

அவள் அடித்தாள். தன் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தாள், தடி கையை விட்டுத் துள்ளிப் போய்ச் சல்லாரிக்காரனின் காலடியில் விழுந்தது. சனம் சிரித்துக் கைதட்டியது. அக்கா கதிரையை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். விழா முடியும்வரை ஊதுகுழாய் ஒன்று வீதியைப் பார்த்தபடியே இருந்தது. திருப்பச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் நளீர் நானாவின் கடைக்கு நான் போனபோது அவர் சொன்னார். "உங்கட பத்மாசனி வந்திட்டுப் போறா டீச்சர். இந்த முறை ரெண்டு சாமான். ஆறு வயசுக்கு ஒண்டு, இருபது வயசுக்கு ஒண்டு. சின்னவளுக்குச் சலங்கை குடுத்தன், அஞ்சு மணி போட்டது. இருபது வயசுப் பெடியனுக்கு என்னட்ட என்ன சாமான் இருக்கு? தேடித் தேடிக் கடைசியா அவவே ஒண்டு எடுத்தா."

"என்ன எடுத்தவ?"

"சின்னத் தகர ட்ரம், ஒரு பால்மாப் பேணி அளவுதான். நாலு வயசுப் பிள்ளையள் தட்டுறது" என்றார் நானா, விளங்காத முகத்தோடு. "நான் சொன்னன், இது அவருக்குக் காணாது தங்கச்சி எண்டு. அவ சொன்னா, இல்லை நானா, இதைத்தான் நான் அவனுக்குக் குடுக்கோணும் எண்டு."